ஊர் மாறினால் சொல்லும் மாறும்

"என்ன, வெளிக்கிட்டாச்சோ?" என்று ஒரு பெரியவர் உங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டால் உங்கள் முகம் எப்படிப் போகும்? நம் தோட்டங்களில் 'வெளிக்கு' என்றால் எங்கே போவது, எதற்குப் போவது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கேட்டவர் யாழ்ப்பாணத்துக்காரராக இருந்தால், அவர் கேட்டது "உடுத்திக்கொண்டு புறப்பட்டாயிற்றா?" என்பதுதான். கோவிலுக்குப் போகும்போதும் கல்யாணத்துக்குப் போகும்போதும் அவர்கள் வெளிக்கிட்டுத்தான் போவார்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தமிழ் ஒன்றுதான். ஆனால் அது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தனித்தனியே வளர்ந்திருக்கிறது. ஓரிடத்தில் அன்பாகச் சொல்லும் சொல் இன்னோர் இடத்தில் வசையாகக் கேட்கிறது. சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமென்று இதை எண்ணிவிடாதீர்கள். இதனால் முகம் முறிந்து போன குடும்பங்கள் உண்டு.

நெகிரி செம்பிலானில் இந்தச் சிக்கல் வெகு காலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891ஆம் ஆண்டில் இரயில் ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்து இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்கள் வேலைக்கு வந்தார்கள். தோட்டங்களிலோ தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர்கள் இருந்தார்கள். தோட்டத்துக் கிராணியார் பலரும், ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் பலரும் யாழ்ப்பாணத்தவர். சில இடங்களில் மலையாளிகள். மரம் சீவுகிறவர் பேசிய தமிழும், செக்ரோல் எழுதுகிறவர் பேசிய தமிழும் வேறு வேறு ஊர்த் தமிழ். இரண்டும் ஒரே ஆபீஸ் வாசலில் சந்தித்துக்கொண்டன.

ஒரு மதியச் சாப்பாடு

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பையன் தோட்டத்தில் பிறந்து படித்து, கோலாலம்பூரில் வேலை பார்ப்பவன். அவன் விரும்பிய பெண் யாழ்ப்பாண வழியில் வந்தவள். இரு வீட்டாரும் சம்மதித்து, பெண் வீட்டார் பையன் வீட்டைப் பார்க்கத் தோட்டத்துக்கு வந்தார்கள். அவர்களோடு பெண்ணின் பாட்டியும் வந்திருந்தார். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர்.

வாழை இலை போட்டுச் சாப்பாடு. பையனின் அம்மா சோறு வைக்க வந்தார். பாட்டி இலைக்கு மேலே கையை நீட்டி, "காணும் பிள்ளை, காணும்" என்றார். பையனின் அம்மாவுக்குத் திக்கென்றது. எதைக் காணோம் என்கிறார்? கூட்டு வைத்தாயிற்று, அப்பளம் வைத்தாயிற்று, ஊறுகாயும் இருக்கிறது. விடுபட்டது எதுவோ என்று எண்ணி இன்னும் ஒரு கரண்டி சோற்றைப் போட்டு, சாம்பாரையும் ஊற்றினார். பாட்டி பாவம், "ஐயோ காணும், காணும்!" என்று சத்தம் போட்டார்.

பிறகு பையனின் தங்கை மோர் கொண்டு வந்தாள். பாட்டி அவளை ஏற இறங்கப் பார்த்து, சந்தோஷமாகச் சொன்னார்: "உங்கட பெட்டை நல்ல வடிவு. எங்கட பெட்டையும் இவளும் ஒரே வயசு போல கிடக்கு."

அவ்வளவுதான். கூடத்தில் பேச்சு நின்று போயிற்று. பாட்டிக்கு ஏன் என்று விளங்கவில்லை. கை கழுவிவிட்டுச் சிறிது நேரம் இருந்துவிட்டு, "சரி, வெளிக்கிடுவம்" என்றார். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு சிறுவன் உதவி செய்வதாக எண்ணிக் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினான்.

விருந்தினர் போனதும் பையனின் அம்மா அழுதார். "வந்த இடத்துல சோத்துல குறை சொன்னாங்க. பொறுத்துக்கிட்டேன். எம் பொண்ணை நாயைச் சொல்ற மாதிரி பெட்டைன்னு சொல்லிட்டாங்களே! இந்தச் சம்பந்தம் வேணாம்" என்றார். அன்று மாலையே ஆள் அனுப்பி மறுத்துவிடுவது என்று பேச்சாயிற்று.

அதைத் தடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் இளம் வயதில் யாழ்ப்பாணத்துக் கிராணியாரிடம் ஆபீஸ் வேலை பார்த்தவர். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தம்மா தன் பேத்தியையும் பெட்டைன்னுதானே சொன்னாங்க?" ஆமாம், சொன்னார். "எந்தப் பாட்டியாவது பொண்ணு கொடுக்க வந்த இடத்துல தன் பேத்தியைத் தானே வைவாங்களா?" அம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை. கல்யாணம் நடந்தது.

மூன்று சொற்களும் என்ன சொல்கின்றன?

அந்தப் பெரியவரின் கேள்வி எந்த அகராதிக்கும் குறைந்ததல்ல. ஒரு சொல் வசையா இல்லையா என்று சந்தேகம் வந்தால், சொல்பவர் அதைத் தம் சொந்தப் பிள்ளைக்கும் சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்கிறார் என்றால் அது வசையல்ல. இப்போது மூன்று சொற்களையும் எடுத்துப் பார்ப்போம்.

முதலில் 'காணும்'. யாழ்ப்பாணத்தில் இதற்குப் 'போதும்' என்று பொருள். தமிழ்நாட்டின் தென்கோடி மாவட்டங்களிலும் இப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. நம் தோட்டத்துக் காதில் அது 'காணோம்' என்று விழுகிறது. போதும் என்று கை காட்டியவருக்கு இன்னும் ஒரு கரண்டி விழுந்த காரணம் இதுதான்.

அடுத்தது 'பெட்டை'. யாழ்ப்பாணத்தில் பையனைப் 'பெடியன்' அல்லது 'பொடியன்' என்பார்கள். பெண்ணைப் 'பெட்டை' என்பார்கள். பெடியனும் பெட்டையும் ஒரு சோடி. வீட்டுக்குள் உரிமையோடு சொல்லும் சொற்கள். இப்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் சோடியாக ஒரு சொல் இருந்தால், அது இழிவாகச் சொன்னதல்ல என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

நம் பக்கத்தில் பெட்டைக் கோழி என்கிறோம், பெட்டை நாய் என்கிறோம். மனிதரைச் சொல்வதில்லை. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். நம் வீட்டுக் கிழவிகள் "அவளுக்கு ரெண்டும் பொட்டைப்புள்ளை" என்று சொல்லி நீங்கள் கேட்டதில்லையா? அது அதே சொல்தான். 'புள்ளை' சேர்ந்தால் நமக்குக் கோபம் வருவதில்லை. தனியே வந்தால் வருகிறது.

தொல்காப்பியத்தின் மரபியலில், எந்த உயிரின் பெண்ணுக்கு எந்தப் பெயர் என்று ஒரு வரிசை இருக்கிறது. அங்கே பெட்டை என்பது ஒட்டகம், குதிரை, கழுதை முதலியவற்றின் பெண்ணுக்கு உரிய பெயர். ஆக, பெட்டை என்றதும் விலங்கை நினைத்த அந்த அம்மாவின் காது பொய் சொல்லவில்லை. ஆனால் அதே வரிசையில் 'பாட்டி' என்ற சொல்லும் இருக்கிறது. யாருக்கு உரிய பெயராம்? பன்றிக்கும் நாய்க்கும்! நரிக்கும் அது பொருந்தும் என்கிறது அந்நூல். இன்று நாம் எல்லோரும் அப்பாவின் அம்மாவைப் பாட்டி என்று அழைக்கிறோம். எந்தப் பாட்டியும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. விலங்குக்கு இருந்த ஒரு சொல் மனிதருக்கு வந்து மரியாதையும் பெற்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் பெட்டை என்ற சொல்லும் அந்த வழியில் வந்ததுதான்.

மூன்றாவது 'வெளிக்கிடுவது'. இது கொஞ்சம் வேறு வகை. நம் ஊரில் 'வெளிக்கு' என்பது ஒரு மூடுசொல். மறைவாகச் செய்யும் காரியத்தைப் பச்சையாகச் சொல்லக் கூச்சப்பட்டு, 'வெளியே போய் வருகிறேன்' என்று நாகரிகமாகச் சொன்னார்கள். வீட்டுக்குள் கக்கூஸ் இல்லாத காலம் அது; உண்மையாகவே வெளியேதான் போனார்கள். நாளாக நாளாக அந்த மூடுசொல்லிலேயே அழுக்கு ஒட்டிக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் 'வெளிக்கிடுவது' என்ற சொல்லில் அந்த அழுக்கு ஒட்டவில்லை. அதனால் அது அங்கே இன்னும் சுத்தமாக இருக்கிறது.

பேச்சும் கதையும்

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பழக்கமான இன்னொரு சோடியையும் சொல்ல வேண்டும். நமக்குப் 'பேசுவது' என்றால் பேசுவதுதான். திட்டினால் 'ஏசினார்' என்கிறோம். யாழ்ப்பாணத்து வழக்கில் சாதாரணமாகப் பேசுவது 'கதைப்பது'. "அவரோட கதைச்சனான்" என்றால் அவரோடு பேசினேன் என்று அர்த்தம். "அவர் என்னைப் பேசினவர்" என்றால் பெரும்பாலும் ஏசினார் என்று அர்த்தம்.

இப்போது இரு பக்கமும் எப்படிக் கேட்கும் என்று பாருங்கள். "உங்க பையனை நேத்து நான் பேசினேன்" என்று நாம் சாதாரணமாகச் சொன்னால், யாழ்ப்பாணத்துத் தாய் "என்ன குற்றம் செய்தான்?" என்று பதறுவாள். "உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும்" என்று அவள் சொன்னால், நமக்கு 'கதை விடுவது' நினைவுக்கு வரும். நம் வழக்கில் கதை என்றால் பாதி பொய். அங்கே அது முழு உண்மையாகவும் இருக்கலாம்.

இதைப் போன்றதுதான் "துலைக்கே போறியள்?" என்ற கேள்வியும். தொலைவுக்கா போகிறீர்கள் என்பது அதன் பொருள். புறப்படுகிறவரைப் பார்த்து 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று நம் வீடுகளிலும் சொல்வார்கள் அல்லவா? யாழ்ப்பாணத்தார் அந்த 'எங்கே'யைத் தவிர்க்கவே இப்படி வளைத்துக் கேட்கிறார்கள். ஆனால் நம் காதில் 'தொலைந்து போ' என்ற வசைதான் கேட்கிறது. தொலைபேசியிலும் தொலைக்காட்சியிலும் இருக்கும் 'தொலை'தான் இது என்று நினைத்துக்கொண்டால் கோபம் அடங்கிவிடும். சகுனம் கெடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கேட்ட மனிதரை, வாசலில் நின்று வைதவராக நினைத்துவிடக் கூடாது.

நம் சொற்கள் தமிழ்நாட்டில்

யாழ்ப்பாணத்தார் சொல் நமக்கு வேடிக்கையாக இருப்பது போல, நம் சொல் தமிழ்நாட்டில் வேடிக்கையாக இருக்கிறது. இன்று நம்மில் பலர் பழனிக்கும் மதுரைக்கும் வேளாங்கண்ணிக்கும் போய் வருகிறோம். விட்டுப்போன உறவைத் தேடி முன்னோரின் கிராமத்துக்குப் போகிறவர்களும் உண்டு. அங்கே மாட்டிக்கொள்ளும் சொல் ஒன்று 'தண்ணி'.

நம் வீட்டுக்கு யாராவது வந்தால் உட்கார வைத்து, "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்கிறோம். தேத்தண்ணியா, கோப்பியா, மைலோவா என்பதுதான் கேள்வி. "தண்ணி கலக்கி எடுத்துட்டு வா" என்று மகளிடமும் சொல்கிறோம். தமிழ்நாட்டில் தண்ணீரைத் தண்ணி என்றுதான் சொல்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் 'தண்ணி அடிப்பது', 'தண்ணி போடுவது' என்றால் மது குடிப்பது. எனவே நீங்கள் அங்கே போய், வீட்டுக்கு வந்த பெரியவரிடம் "என்ன தண்ணி வேணும்?" என்று வகை கேட்டால், அவர் திடுக்கிடுவார். சாதாரணத் தண்ணீரில் வகை கிடையாது. வகை கேட்டாலே அது வேறு தண்ணி என்று ஆகிவிடுகிறது. அதிலும் வயதுப்பெண் கேட்டுவிட்டால் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே "காப்பி சாப்பிடுறீங்களா, டீ சாப்பிடுறீங்களா?" என்று பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

'தண்ணி'யும் ஒரு மூடுசொல்தான். சாராயம் என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தண்ணி என்றார்கள். 'சரக்கு' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். கடையில் விற்கும் பொருளுக்குச் சரக்கு என்று பெயர். யாழ்ப்பாணத்தில் மிளகு, சீரகம், மல்லி போன்றவை சரக்கு. பிள்ளை பெற்ற தாய்க்குச் 'சரக்கரைச்ச கறி' காய்ச்சிக் கொடுப்பது அங்கே வழக்கம். இன்றைய சென்னைப் பேச்சில் 'சரக்கு' என்றால் மதுப்புட்டி. பிரசவித்த பெண்ணுக்குச் சரக்கு கொடுத்தோம் என்று அங்கே சொன்னால் கேட்கிறவர் வாயடைத்துப் போவார். யாழ்ப்பாணத்துத் தாய்மார் பிள்ளையைக் "என்ர குஞ்சு" என்று கொஞ்சுவார்கள். அதையும் தமிழ்நாட்டில் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். காரணத்தை இந்தக் குடும்பப் பத்திரிகையில் எழுத வேண்டியதில்லை.

வசையாகாமல் வியப்பாக மட்டும் கேட்கும் சொற்களும் உண்டு. "நாங்க பால்மரம் வெட்டுற ஆளுங்க" என்றால், பாலுள்ள மரத்தை ஏன் வெட்டிச் சாய்க்கிறார்கள் என்று கேட்பார்கள். "பத்து வெள்ளி கொடுத்தேன்" என்றால் வெள்ளி நகையா என்பார்கள். "பசியாறியாச்சா?" என்றால் மட்டும் பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள். காலைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு அழகான சொல்லா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. தமிழ்நாட்டு முஸ்லிம் குடும்பங்களில் அது இன்றும் வழங்குகிறது.

பிறர் வாயில் போய்க் கெட்ட சொற்கள்

இதுவரை பார்த்தவை தமிழருக்குத் தமிழர் செய்துகொண்ட குழப்பம். இனிச் சொல்லப் போவது வேறு. அது நம் முன்னோர்களை உண்மையாகவே நோகடித்தது.

'கூலி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அது செய்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியம். திருக்குறளின் 619ஆம் குறளில், உடலை வருத்தி முயன்றவனுக்குக் கிடைக்கும் பலனைச் சொல்ல வள்ளுவர் எடுத்த சொல் இதுதான். கூலி என்பது மனிதனின் பெயரல்ல. அவன் கைக்கு வரவேண்டிய காசின் பெயர். வெள்ளைக்காரர் வாயில் அது காசை விட்டு ஆளின் மேல் ஏறியது. ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் தமிழிலிருந்து வந்ததா, குஜராத்துப் பக்கத்துக் கோலி என்ற மக்களின் பெயரிலிருந்து வந்ததா என்பதில் அறிஞர்களிடையே இரண்டு கருத்து உண்டு. எப்படி வந்திருந்தாலும், தோட்டத்தில் உழைத்தவனுக்கு அதுவே பெயராயிற்று. மலாய் மொழியிலும் 'குலி' என்று அது புகுந்தது.

தென்னாப்பிரிக்காவில் அது இதைவிட மோசமானது. 1860ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து 'துரூரோ' என்ற கப்பலில் டர்பன் போய் இறங்கியவர்களில் தமிழர் உண்டு. அங்கே கரும்புத் தோட்டத்தில் உழைத்தவரை மட்டுமல்ல, எல்லா இந்தியரையும் 'கூலி' என்றார்கள். 1893இல் அங்கே போன காந்தியடிகளையும் 'கூலி பாரிஸ்டர்' என்றுதான் அழைத்தார்கள் என்று அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இன்றும் தென்னாப்பிரிக்காவில் ஓர் இந்தியரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்வது பெரிய வசை.

அதே நூலில் காந்தியடிகள் இன்னொரு சொல்லையும் குறிப்பிடுகிறார். தமிழர் பலரின் பெயர் 'சாமி' என்று முடிவதைக் கேட்ட வெள்ளையர், இந்தியர் எல்லோரையும் 'சாமி' என்று இளக்காரமாக அழைத்தார்கள். நாம் மாரிமுத்துசாமி, கந்தசாமி என்று பெயர் வைக்கிறோம். "வா சாமி, சாப்பிடு சாமி" என்று பிள்ளையைக் கொஞ்சுகிறோம். அங்கே அது ஏளனம். ஆனால் சில தமிழர்கள் சும்மா இருக்கவில்லையாம். சாமி என்றால் எஜமான் என்று பொருள், என்னை எஜமான் என்று அழைக்கிறாயே என்று திருப்பிக் கேட்டார்களாம். சில வெள்ளையருக்கு அதைக் கேட்டு முகம் சுருங்கும். சிலருக்குக் கோபம் வரும்.

நம் நாட்டில் 'தம்பி'க்கும் இதுபோல ஒன்று நேர்ந்தது. கூடப் பிறந்த இளையவனை அழைக்கும் சொல் அது. தமிழ்நாட்டில் அறிஞர் அண்ணா 1955இல் தொடங்கித் தம் பத்திரிகையில் தொண்டர்களுக்கு எழுதிய கடிதங்களில் அவர்களைத் 'தம்பி' என்றே அழைத்தார். அங்கே அந்தச் சொல் ஒரு பெருமை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அலுவலகங்களில் 'தம்பி' என்றால் கடிதம் கொண்டு போகும் பையன், தேநீர் வாங்கி வரும் எடுபிடி ஆள். தலை நரைத்தவரும் வேலையை விடும்வரை ஆபீஸில் 'தம்பி'தான். அன்புச் சொல் வேலைப் பெயராக மாறி, வயதுக்குரிய மரியாதையைத் தின்றுவிட்டது.

2025இல் ரஜினிகாந்த் நடித்து 'கூலி' என்ற படம் வந்தது. தமிழ்நாட்டு இளைஞருக்கு அந்தப் பெயரில் உழைப்பாளியின் கம்பீரம் தெரிந்தது. அதே பெயரைப் பார்த்த நம் தோட்டத்துக் கிழவர் ஒருவர் என்னிடம், "இதைக் கேட்டுக் கேட்டுத்தானே வாத்தியாரே எங்க காது புளிச்சுப் போச்சு" என்றார். இருவர் சொன்னதும் உண்மை. தமிழ்நாட்டில் அது அவர்கள் வாயில் இருந்த சொல். இங்கே அது பிறர் வாயிலிருந்து நம்மேல் வந்து விழுந்த சொல்.

யார் திருத்திக்கொள்வது?

மூன்று வகையையும் சேர்த்துப் பார்த்தால், எந்த இடத்தில் யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

பெட்டை, காணும், கதைப்பது, துலை போன்றவை ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு பொருளைப் பிடித்துக்கொண்ட சொற்கள். இவற்றில் கேட்கிறவர்தான் பொறுமை காட்ட வேண்டும். சொல்பவர் முகத்தைப் பாருங்கள். சிரித்த முகத்தோடு வசை வராது. அவர் தம் பிள்ளைக்கும் அதைச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். விளங்கவில்லை என்றால், "உங்க ஊர்ல அப்படின்னா என்னங்க?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் குறைச்சல் இல்லை. மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அழுவதில்தான் குடும்பம் கெடுகிறது.

வெளிக்கு, தண்ணி, சரக்கு ஆகிய மூடுசொற்களில் சொல்பவர்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். அழுக்கு ஒட்டிய இடத்தில் போய், "எங்கள் ஊரில் இது சுத்தம்" என்று வாதாடிப் பயனில்லை. காது முதலில் சிரித்துவிடும். விளக்கம் பிறகுதான் போய்ச் சேரும். அந்த ஊரில் இருக்கும்வரை அந்த ஊர்ச் சொல்லைச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நம் சொல்லை எடுத்துக்கொள்ளலாம்.

கூலி, சாமி, தம்பி ஆகியவற்றில் யார் யாரைச் சொல்கிறார் என்பதே முக்கியம். அண்ணன் தம்பியைத் தம்பி என்பது அன்பு. முதலாளி தன் தகப்பன் வயதுள்ளவரைத் தம்பி என்பது அன்பல்ல. எழுத்து ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால், வைதவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கொஞ்சிய பாட்டியோடு சண்டைக்குப் போவார்கள்.

அந்தக் கல்யாண வீட்டுக் கதையில் இன்னொன்று பாக்கி இருக்கிறது. பையனின் அம்மா இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார். பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊட்டும்போது, குழந்தை தட்டைத் தள்ளிவிட்டு மழலையில் சொல்கிறதாம்: "காணும், காணும்!" பாட்டி உடனே கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறார்.